60 லட்சம் கேட்டார்கள், 22 லட்சத்தில் நின்றது: கோவைக் குடும்பம் ஒன்றின் கணக்கு

2025 மே மாதம் என்னிடம் வந்த குடும்பம் இது. கோவையில் பம்புசெட் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் தந்தை உற்பத்திப் பிரிவு மேலாளர். வயது 54. அவர் 58-இல் ஓய்வு பெற வேண்டும். தாய்க்கு 50 வயது, தனியார் பள்ளி ஆசிரியை. மகள் மெக்கானிக்கல் பொறியியல் முடித்துவிட்டு அமெரிக்காவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். இடம் பெற்றிருந்தாள். மகன் பதினொன்றாம் வகுப்பு. அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவர்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "வீட்டை வைத்து அரசு வங்கியில் வாங்குவதா, அடமானம் இல்லாமல் தனியார் நிதி நிறுவனத்தில் வாங்குவதா?" தொகையைப் பற்றி அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. கல்வி ஆலோசனை மையம் ஒன்று ஒரே பக்கத்தில் அச்சடித்துக் கொடுத்திருந்த தாளில் எல்லாம் முடிவாகியிருந்தது. மொத்தச் செலவு 64 லட்சம், கடன் 52 லட்சம், கைப்பணம் 12 லட்சம். தாளின் அடியில் மஞ்சள் கட்டத்துக்குள் தடித்த எழுத்தில் ஒரு வரி: "முதல் மூன்று ஆண்டுகள் தவணை: ரூ. 0."

அந்தத் தாளை வைத்தே தொடங்கினோம்.

தாளில் இல்லாத 12 லட்சம்

கூட்டல் சரியாகத்தான் இருந்தது. ஆண்டுக்கு 39,000 டாலர், இரண்டு ஆண்டுக்கு 78,000, டாலருக்கு 82 ரூபாய், ஆக 64 லட்சம். ஆனால் அன்றே டாலர் 85 ரூபாயைத் தாண்டியிருந்தது. வங்கி நமக்கு விற்கும் விலை இன்னும் சற்று அதிகம் என்பதால் நான் 86 என்று வைத்தேன். இரண்டாம் ஆண்டுப் பணம் அடுத்த ஆண்டு விலையில்தான் போகும், எனவே அதற்கு 88.50.

அதைவிடப் பெரிய ஓட்டை வாழ்க்கைச் செலவில் இருந்தது. பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவத்தில் இருக்கும் செலவு மதிப்பீடு பெரும்பாலும் ஒரு கல்வியாண்டுக்கானது, அதாவது ஒன்பது மாதத்துக்கானது. நடுவில் வரும் கோடைக்கால மூன்று மாதமும் வாடகை உண்டு, சாப்பாடு உண்டு. அந்தப் படிவத்தின் எண்ணை அப்படியே இரண்டால் பெருக்கியிருந்தார்கள். கல்விக் கட்டணம் இரண்டாம் ஆண்டில் ஏறும் என்பதும் கணக்கில் இல்லை. விசா, அமெரிக்க மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம், விமான டிக்கெட், மடிக்கணினி, வாடகை முன்பணம் எதுவும் இல்லை. இவற்றையெல்லாம் சேர்த்தபோது 76 லட்சம் வந்தது. தாளில் இருந்த கைப்பணத்தைப் போல இன்னொரு மடங்கு தொகை சத்தமில்லாமல் விடுபட்டிருந்தது.

குடும்பத்தால் உடனடியாக எடுக்க முடிந்தது வங்கி வைப்பு நிதியில் இருந்த 11 லட்சமும், மியூச்சுவல் ஃபண்டில் இருந்து 5 லட்சமும். மீதி 60 லட்சம் கடன்.

இப்போது அந்த மஞ்சள் கட்டம். தவணை இல்லை என்பது உண்மை. வட்டி இல்லை என்று யாரும் சொல்லவில்லை. நம் நாட்டுக் கல்விக் கடன்களில் படிப்புக் காலமும் அதற்குப் பிறகு வழக்கமாக ஓராண்டும் தவணை விடுமுறை. அந்தக் காலத்துக்குத் தனி வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். கடைசியில் அது அசலோடு சேரும், சேர்ந்த தொகைக்குத் தவணை போடுவார்கள். 60 லட்சத்தை நான்கு பருவங்களுக்கும் 15 லட்சமாகப் பிரித்து எடுத்து, 10 சதவீத வட்டி என்று வைத்தால், மூன்றாம் ஆண்டு முடிவில் வட்டி மட்டும் 13.5 லட்சம். தவணை தொடங்கும் நாளில் கடன் 73.5 லட்சம். பதினைந்து ஆண்டுக்குப் பிரித்தால் மாதம் 79,000 ரூபாய். பத்து ஆண்டுக்கு என்றால் 97,000.

அடமானம் கேட்காத நிறுவனத்தில் வட்டி இதைவிட அதிகம். அவர்கள் கேட்ட முதல் கேள்விக்கு அப்போதே விடை கிடைத்துவிட்டது. ஆனால் கேள்வியே அதுவல்ல என்பதும் அந்த 79,000-ஐப் பார்த்ததும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தந்தை கைக்கு வாங்கும் சம்பளம் 92,000.

அப்பாவின் ஓய்வுக்கால ஏடு

இந்த இடத்தில் மகளை வெளியே அனுப்பிவிட்டுப் பெற்றோரிடம் பேசும் ஆலோசகர்கள் உண்டு. நான் அவளையும் உட்கார வைத்துக்கொள்வேன். 23 வயதுப் பிள்ளைக்குத் தன் வீட்டுப் பணம் எவ்வளவு என்று தெரியாமலிருப்பதுதான் பல பெரிய கடன்களுக்குத் தொடக்கம்.

அவர்களுடைய வீட்டுச் செலவு, பிள்ளைகளின் படிப்பை விட்டுவிட்டால், மாதம் 55,000. ஓய்வுக்குப் பிறகு இன்றைய விலையில் 45,000 போதும் என்றார் தாய். ஆண்டுக்கு 6 சதவீதம் விலைவாசி ஏறினால் நான்கு ஆண்டில் அது 57,000 ஆகும். மாடி வீட்டு வாடகை இன்று 11,000, அதே வேகத்தில் ஏறினால் அப்போது 14,000. மீதி 43,000 ரூபாய் ஒவ்வொரு மாதமும் சேமிப்பிலிருந்து வர வேண்டும், அதுவும் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே.

எவ்வளவு காலத்துக்கு? இங்கே பலரும் கணவரின் வயதை மட்டும் பார்க்கிறார்கள். அவர் ஓய்வு பெறும்போது மனைவிக்கு 54. மனைவிக்கு 86 ஆகும்வரை பணம் வர வேண்டும் என்றால் 32 ஆண்டு. சேமிப்பு 8 சதவீதம் ஈட்டி விலைவாசி 6 சதவீதம் ஏறினால், முதல் ஆண்டுச் செலவைப்போல ஏறக்குறைய 24 மடங்கு கையில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு 5.16 லட்சம் என்பதால் 1 கோடியே 24 லட்சம்.

இதில் கழிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பி.எஃப். அலுவலகம் தரும் ஓய்வூதியம். இதைப் பற்றிப் பலருக்கும் பெரிய கற்பனை இருக்கிறது. 1998-இல் வேலைக்குச் சேர்ந்தவர் இவர். ஓய்வூதியக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பள உச்சவரம்பு 2014 ஆகஸ்ட் வரையிலான பணிக்கு 6,500 ரூபாய், அதற்குப் பிறகு 15,000. அந்தச் சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 31 ஆண்டு உழைத்தவருக்கு மாதம் ஏறக்குறைய ஐயாயிரம்தான் வரும், அதுவும் விலைவாசியோடு ஏறாது. 58-இல் அதன் மொத்த மதிப்பை 7 லட்சமாக எடுத்துக்கொண்டேன். இன்னொன்று, கணவர் ஓய்வு பெற்ற பின்னும் மனைவி நான்கு ஆண்டு வேலை பார்ப்பார். அது 14 லட்சத்துக்குச் சமம். இவற்றைக் கழித்து, மருத்துவத்துக்கென்று 10 லட்சம் தனியாகச் சேர்த்தால் அவர்களுக்குத் தேவை 1 கோடியே 13 லட்சம்.

எதையும் தொடாமல் விட்டால் 58-இல் என்ன இருக்கும்? இன்று 41 லட்சமாக இருக்கும் பி.எஃப்., பி.பி.எஃப்., பணிக்கொடை, முதிரப்போகும் எல்.ஐ.சி. பாலிசி எல்லாம் சேர்ந்து 88 லட்சம். வைப்பு நிதியும் 14 லட்சம் மியூச்சுவல் ஃபண்டும் வளர்ந்து 34 லட்சம். இனிமேல் மாதாமாதம் மிச்சம் பிடிப்பதில் மகனின் கல்லூரிச் செலவு போக 6 லட்சம். மொத்தம் 1 கோடியே 28 லட்சம்.

உபரி 15 லட்சம். அது நான்கு ஆண்டு கழித்து வரும் 15 லட்சம். இன்றைக்கு அதன் மதிப்பு ஏறத்தாழ 11 லட்சம். வங்கியில் போட்டிருக்கும் வைப்பு நிதியும் சரியாக அதே தொகை. ஆக, அந்த வைப்பு நிதியை மகளுக்குக் கொடுக்கலாம். அதற்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் 2029-க்குப் பிறகு அவர்கள் சாப்பாட்டிலிருந்து எடுக்கும் ரூபாய்.

இந்தக் கணக்கு எவ்வளவு மெல்லியது என்பதையும் காட்டினேன். சேமிப்பு 8-க்குப் பதில் 7 சதவீதம்தான் ஈட்டியது என்றால் தேவை 18 லட்சம் கூடிவிடும். உபரி முழுவதும் போய், கூடவே பற்றாக்குறையும் வரும். எனவே 11 லட்சம் என்பதே தாராளமான எண்.

தந்தை உடனே ஒரு நல்ல வாதத்தை வைத்தார். "பி.எஃப். 8.25 சதவீதம்தான் தருகிறது. கடனுக்கு 10 சதவீதம். பிள்ளை படிப்புக்கு எடுக்க விதியும் இடம் தருகிறது. எடுத்துக் கொடுத்தால் வட்டி மிச்சம்தானே, சார்?"

வட்டிக் கணக்கில் அவர் சொன்னது சரி. ஆனால் இரண்டும் வேறு வேறு ஆட்களின் பணம். கடன் என்பது 35 ஆண்டு உழைக்கப்போகும் மகளின் தோளில் இருப்பது. பி.எஃப்.பிலிருந்து எடுத்தது நான்கு ஆண்டு சம்பளம் மட்டுமே மீதமுள்ள தந்தையின் தோளில் விழும். எடுத்ததைத் திரும்பப் போடவும் அந்தக் கணக்கில் வழி இல்லை. மாதாமாதம் சம்பளத்திலிருந்து பிடிப்பது மட்டும்தான் உள்ளே போகும். ஒன்றே முக்கால் சதவீத மிச்சத்துக்காகச் சுமையை இளையவளிடமிருந்து மூத்தவருக்கு மாற்றுவது எனக்குச் சம்மதமில்லை என்று சொன்னேன். மகள் அப்பாவைப் பார்த்து, "அப்பா, பி.எஃப். வேண்டாம்" என்றாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

திரும்பி வந்தால்?

கடன் எவ்வளவு வாங்கலாம் என்பதைக் கல்விச் செலவிலிருந்து பெற்றோரின் பணத்தைக் கழித்துக் கண்டுபிடிப்பதுதான் வழக்கம். அப்படிச் செய்தால் விடை எப்போதும் "தேவைப்படும் அளவு" என்றுதான் வரும். நான் மறுமுனையிலிருந்து போவேன். படிப்பு முடிந்து அவள் கோவைக்கோ சென்னைக்கோ திரும்பி வந்துவிட்டாள், இங்கே ரூபாயில் சம்பளம் வாங்குகிறாள். அந்தச் சம்பளத்தில் எவ்வளவு தவணை கட்ட முடியும்?

அவளுடைய துறையில், எம்.எஸ். முடித்த புதியவருக்குக் கைக்கு 70,000 என்று வைத்தோம். மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 24,000, தவணைக்குப் போகலாம். அதற்கு மேல் போனால் வாடகை, சாப்பாடு போக எதுவும் மிஞ்சாது, வீட்டிலிருந்துதான் ஈடுகட்ட வேண்டிவரும். 24,000 ரூபாய் தவணை தாங்கும் கடன், தவணை தொடங்கும் நாளில், பத்து ஆண்டுக்கு 18 லட்சம், பதினைந்து ஆண்டுக்கு 22 லட்சம்.

ஒரு பக்கம் 22 லட்சம், மறுபக்கம் 73.5 லட்சம். அமெரிக்கத் திட்டத்தில் தவணை மட்டுமே இந்தியச் சம்பளத்தை விழுங்கி, மேலும் 9,000 கேட்கிறது.

அமெரிக்காவில் வேலை கிடைத்துவிட்டால் நிலைமை வேறு என்பதை நான் மறுக்கவில்லை. டாலர் சம்பளத்தில் 79,000 ரூபாய் என்பது ஆயிரம் டாலருக்கும் குறைவு. பிரச்சினை என்னவென்றால், இந்தக் கடன் அங்கே தங்கினால் மட்டும் அடையும், வந்துவிட்டால் அடையவே அடையாது. படிப்புக்குப் பின் 12 மாதம் வேலை அனுமதி, பொறியியல் போன்ற துறைகளுக்கு மேலும் 24 மாதம். அதன்பின் எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கல். 15 ஆண்டுக் கடனுக்கு உறுதியாக இருக்கும் டாலர் வருமானம் அதிகபட்சம் மூன்று ஆண்டு, அதுவும் வேலை கிடைத்தால். விதிகள் நடுவிலேயே மாறும் என்பதற்கு நெடுநாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தார்கள். மாணவர் விசாவில் உள்ளேயே இருந்து நிலை மாற்றுபவர்களுக்கு அது பொருந்தாது என்று அடுத்த மாதம் விளக்கம் வந்தது. இடைப்பட்ட வாரங்களில் எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

வீட்டை அடமானம் வைப்பதில் இருக்கும் ஆபத்தும் இங்கேதான். பெற்றோர் இந்தக் கடனில் வெறும் கையெழுத்துக்காரர்கள் அல்லர், இணைக் கடனாளிகள். தவணை தவறினால் வங்கி முதலில் தேடி வருவது கோவையில் இருக்கும் தந்தையைத்தான். 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி, அடமானச் சொத்தை நீதிமன்றத் தீர்ப்புக்குக் காத்திராமலே வங்கி ஏலத்துக்குக் கொண்டுவர முடியும். அந்த வீட்டின் மாடி வாடகையைத்தான் நாம் 32 ஆண்டுக்குக் கணக்கில் எழுதியிருக்கிறோம்.

உதவித்தொகையோடு கல்விக் கட்டணத் தள்ளுபடியும் கிடைத்தால் அமெரிக்கா சரிவரும் என்று சொன்னேன். பேராசிரியர்களுக்கு எழுதிப் பார்த்தாள். அந்தப் பருவத்துக்குக் கிடைக்கவில்லை.

நகை

தாயிடம் 40 பவுன் இருந்தது. 2025 ஏப்ரலில் பவுன் விலை எழுபதாயிரத்தைத் தொட்டிருந்ததால் அதன் மதிப்பு 28 லட்சம். "நகை உன் கல்யாணத்துக்கு, கண்ணு. அதைத் தொடக் கூடாது" என்றார். "எனக்குக் கல்யாணத்துக்கு நகை வேண்டாம், படிக்க வேண்டும்" என்றாள் மகள். இருவரில் யார் சொல்வது சரி என்று நான் தீர்ப்பு சொல்லப் போவதில்லை. ஆனால் திட்டத்தின் கணக்கில் நான் நகையைச் செலவுப் பக்கத்தில் எழுதவில்லை. எல்லாம் தவறிப்போனால் கடனை அடைக்க என்று தனியாக ஒதுக்கி வைத்தேன். இது தாய்க்கும் ஏற்புடையதாக இருந்தது. விற்கப்போவதில்லை என்பது அவருக்கு, விற்க முடியும் என்பது எனக்கு.

ஜெர்மனி

படிக்க வேண்டிய துறையும் 11 லட்சம் கைப்பணமும் 22 லட்சம் கடன் உச்சவரம்பும் முடிவான பிறகு நாடு தானாகவே சுருங்கியது. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை, சில நூறு யூரோ பருவக் கட்டணம் மட்டும். இதிலும் விதிவிலக்குகள் உண்டு. பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து தனியாகக் கட்டணம் வாங்குகிறது, முதுநிலைக்குப் பருவத்துக்குப் பெரும்பாலும் 4,000 முதல் 6,000 யூரோ. "ஜெர்மனி இலவசம்" என்று கேட்டு விண்ணப்பித்துவிட்டு இந்த இரண்டில் மாட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

உண்மையான செலவு வாழ்க்கைக்குத்தான். விசாவுக்கு ஓராண்டு வாழ்க்கைச் செலவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. மாதம் 992 யூரோ மட்டும் எடுக்கலாம். யூரோ 2025-இல் நூறைத் தாண்டிவிட்டதால் 105 என்று வைத்தோம். ஓராண்டுக்கு 12.5 லட்சம், இரண்டு ஆண்டுக்கு 25. பருவக் கட்டணம், இந்திய மாணவர்களின் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் கட்டாயமான ஏ.பி.எஸ். சான்று, விமானம், முதல் மாதத்து ஏற்பாடுகள் சேர்த்து 29 லட்சம். ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை பார்க்க அனுமதி இருக்கிறது. அந்த வருமானத்தை ஒரு ரூபாய்கூடக் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்த ஆண்டே போக வேண்டாம் என்று முடிவானது. அவள் கோவையிலேயே ஒரு வேலைக்குச் சேர்ந்து, மாலையில் ஜெர்மன் படித்து, 2026 அக்டோபர் பருவத்துக்கு விண்ணப்பிக்கத் திட்டமிட்டாள். ஆங்கிலத்தில் படிப்பு முடித்துவிடலாம். ஆனால் மெக்கானிக்கல் துறை வேலைகளுக்கு ஜெர்மன் கேட்பார்கள். படிப்புக்குப் பின் வேலை தேடத் தரும் 18 மாதத்தை மொழி படிப்பதில் கரைப்பவர்கள்தான் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். இந்த ஓராண்டில் அவள் 2.5 லட்சம் சேர்க்கவும் முடியும்.

ஆக, கைப்பணம் 14 லட்சம் அளவுக்கு வந்தது, கடன் 15 லட்சம். இங்கே ஒரு சிறிய ஏற்பாடு பெரிய வேலை செய்கிறது: முதல் ஆண்டுக்குக் கைப்பணம், இரண்டாம் ஆண்டுக்குக் கடன். வட்டி ஓராண்டு தாமதமாகத் தொடங்கும். அமெரிக்கத் திட்டத்தில் முதல் நாளிலேயே 15 லட்சத்துக்கு வட்டி ஓடத் தொடங்கியிருக்கும். இங்கே தவணை தொடங்கும்போது நிலுவை 17.6 லட்சம்தான். பத்து ஆண்டுக்கு மாதம் 23,300. நாம் வைத்த 24,000-க்குள் அடங்குகிறது.

தந்தையின் வயதையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 2026 அக்டோபரில் படிப்பு தொடங்கினால் 2028-இல் முடிகிறது, 2029-இல் தவணை தொடங்குகிறது. அவர் சம்பளம் நின்றுபோகும் அதே ஆண்டு. இதனால்தான் தவணை முழுவதும் மகளின் சம்பளத்தில் மட்டும் நிற்க வேண்டும் என்று அடம்பிடித்தேன். "முதல் ஒரு வருடம் நான் கட்டிக்கொள்கிறேன்" என்று சொல்ல அவருக்கு அந்த ஒரு வருடம் இல்லை.

தவறக்கூடிய இடமும் தெரிந்ததே. ஜெர்மனியில் நான்கு பருவப் படிப்பு ஐந்து பருவமாக நீள்வது சாதாரணம். ஒரு பருவம் கூடினால் 6.5 லட்சம் கூடுதல். கடன் 21.5 லட்சம், நிலுவை வட்டியோடு 25 லட்சம், பதினைந்து ஆண்டுக்கு மாதம் 27,000. உச்சவரம்பை மூவாயிரம் தாண்டுகிறது. பகுதிநேர வேலையும், அவசியமென்றால் நகையில் ஒரு பங்கும் அதை ஈடுகட்டும். ஆறாவது பருவத்துக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை. முதல் ஆண்டு முடிவில் எத்தனை கிரெடிட் புள்ளி எடுத்திருக்கிறாள் என்று பார்த்தாலே இது முன்கூட்டித் தெரிந்துவிடும். ஆண்டுக்கு 60 என்பது வழக்கமான கணக்கு. 40-க்குக் கீழே இருந்தால் உட்கார்ந்து பேச வேண்டும் என்று நால்வரும் ஒப்புக்கொண்டார்கள்.

வங்கியில்

22 லட்சத்துக்கு ஒப்புதல் வாங்கி, தேவையான அளவு மட்டும் எடுப்பது என்று முடிவு. எடுக்காத தொகைக்கு வட்டி இல்லை. ஆனால் ஏழரை லட்சத்துக்கு மேல் அரசு வங்கிகள் பெரும்பாலும் சொத்து அடமானம் கேட்கும். எனவே வீட்டுப் பத்திரம் மீண்டும் பேச்சில் வந்தது. அறுபது லட்சத்துக்கு வேண்டாம் என்றவன் 22 லட்சத்துக்குச் சரி என்றேன். காரணம், கடன் முழுவதும் திரும்பாமல் போனாலும் 40 பவுன் அதை அடைத்துவிடும். பத்திரம் வங்கியில் இருக்கும், வீடு ஆபத்தில் இருக்காது. 2025 முடிவதற்குள் பவுன் விலை ஒரு லட்சத்தை எட்டியது வேறு கதை, அதை நம்பித் திட்டத்தை மாற்றவில்லை.

வங்கியில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளச் சொன்னவை சில. மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, வழக்கறிஞர் கருத்து, சொத்து மதிப்பீடு எல்லாம் முடிய வாரக்கணக்கில் ஆகும் என்பதால் விசா தேதிக்கு வெகு முன்பே தொடங்க வேண்டும். நம் பங்குப் பணத்தை முதலில் செலவழித்துவிட்டுக் கடனைப் பின்னால் எடுக்க வங்கி ஒத்துக்கொள்கிறதா? கல்விக் கட்டணம் இல்லாத படிப்பில் வாழ்க்கைச் செலவுக்கு மட்டும் பணம் விடுவிப்பார்களா? பல கிளைகளில் இந்தக் கேள்வியைக் கேட்டால் அதிகாரி ஒரு கணம் விழிப்பார், அவர்கள் பழகியது பல்கலைக்கழகத்துக்கு நேரடியாகக் கட்டணம் அனுப்பித்தான். இவர்கள் போன முதல் கிளை மறுத்தது, இரண்டாவது கிளை ஒத்துக்கொண்டது.

வருமான வரிச் சலுகையைப் பற்றியும் ஆலோசனை மையம் பெரிதாகச் சொல்லியிருந்தது. கல்விக் கடன் வட்டிக்கு எட்டு ஆண்டு கழிவு உண்டுதான், பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டும். தந்தை புதிய முறையில் இருக்கிறார். தவணை தொடங்கும்போது ஓய்வும் பெற்றிருப்பார். மகள் வெளிநாட்டில் சம்பாதித்தால் இங்கே கழிக்க அவளுக்கு வருமானம் இருக்காது. எனவே அந்தச் சலுகையின் மதிப்பைப் பூஜ்யம் என்று எழுதினேன். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கி பிடிக்கும் வரியான டி.சி.எஸ். பற்றிக் கவலை குறைவு. 2025 ஏப்ரலிலிருந்து வங்கிக் கல்விக் கடனில் அனுப்பும் தொகைக்கு அது இல்லை, சொந்தப் பணத்தில் ஒருவருக்கு ஆண்டுக்கு 10 லட்சம் வரை இல்லை. தாயும் தந்தையும் பிரித்து அனுப்பினால் வரம்பைத் தொடாது.

கடைசியாக, வங்கி கடனோடு சேர்த்து ஒரே தவணையில் விற்க முயன்ற காப்பீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மகள் தன் பெயரில் 25 லட்சத்துக்குத் தனியாக ஒரு டேர்ம் பாலிசி எடுத்தாள். பெற்றோர் வாரிசுதாரர்கள். பிரீமியத்தை அவளே, தன் கோவைச் சம்பளத்திலிருந்து கட்டுகிறாள்.